இடது தோளில் ஒரு பனியன் கோடு

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை மேல் ஒரு பைத்தியம் உண்டு. கல்யாணமோ, காரியமோ, கட்சிக் கூட்டமோ, பேங்கில் கையெழுத்துப் போடுவதோ, எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சட்டைதான். அதுவும் வெயிலுக்கு இதமாக மெல்லிசாக இருக்க வேண்டும். உள்ளே கையில்லாத பனியன். இந்த இரண்டும் சேர்ந்து கேமராவுக்கு முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருபது வருடமாக அதைத்தான் அழித்துக்கொண்டிருக்கிறேன்.

உக்கடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை மனிதர் பார்க்கும்படி ஆக்குவேன். அவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். தான் எடுக்கும் படத்தில் திருத்த ஒன்றுமே இல்லை என்பது அவருடைய எண்ணம். பின்னாலிருந்து ஒரு லைட் போட்டால்தான் ஆளுக்கு உருவம் வரும் என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பின்னாலிருந்து லைட் அடித்தால் மெல்லிசுத் துணி கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே இருப்பதெல்லாம் கோடு கோடாகத் தெரியும் என்று நானும் சொல்லாத நாள் இல்லை. கேட்டால்தானே? அவர் லைட்டைப் போடுவார், நான் கோட்டை எடுப்பேன், இப்படியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டோம்.

பெண்கள் படம் என்றால் நான் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ரவிக்கையின் தோளில் உள்ளே போட்டிருக்கும் நாடா தெரிந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே எடுத்துவிடுவேன். அவர்களும் கேட்க மாட்டார்கள், எடுத்தேன் என்று நானும் சொல்ல மாட்டேன். படத்தை வாங்கிப் பார்க்கும்போது கண் முதலில் தோளுக்குப் போகும், பிறகு முகத்துக்கு வரும். அப்போது ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

போன தை மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் மடித்த காகிதங்கள். அந்த அம்மாள் குள்ளம், சுறுசுறுப்பு, மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை. திருப்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். கிணத்துக்கடவில், அந்த அம்மாளின் பிறந்த ஊரிலேயே, வீடு கட்டியிருக்கிறார்கள். பத்து நாளில் கிரகப்பிரவேசம். கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் மாட்ட இருவரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும். கல்யாணத்தின்போது எடுத்த படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம், அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நின்றது ஆதார் கார்டு எடுக்கும் வரிசையில்தானாம். அவர் இதைச் சொல்லிச் சிரித்தார், அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அவர் காரை நிழலுக்கு நகர்த்துவதற்காக வெளியே போனார். அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்தவர் போல அந்த அம்மாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திரையில் படம் இருந்தது. விரலை நீட்டிக் கணவருடைய இடது தோளைக் காட்டினார்.

பனியன் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிவதுதான். ஆனால் இது தெரிந்த விதம் வேறு. வலது தோளில் பட்டை ஒழுங்காக இறங்கியது. இடது தோளில் அது ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது, மேலே போகப்போக முறுக்கிக்கொண்டு கழுத்துப் பக்கமாகச் சாய்ந்தது. சட்டைக்குள் யாரோ ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுப்பது போல இருந்தது.

“அந்தப் பனியன் இருக்கறதே தெரியாம பண்ணிக்குடுங்க கண்ணு. எங்கக்கா ஊட்லருந்து எல்லாரும் வருவாங்க. வந்ததும் அவங்க கண்ணு அங்கதான் போகும்” என்றார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே, “அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க” என்றார்.

ஒரு பனியன் பட்டைக்காக அக்கா வீட்டில் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் குரலில் இருந்தது புரிந்தது. இந்த ஒரு படத்திலாவது தன் வீட்டுக்காரர் யாரும் வாய் வைக்க முடியாதபடி நிற்க வேண்டும். அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்த அம்மாளுக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது. எனக்கும் ஓர் அக்கா உண்டு. கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

திருப்பூர் என்று சொன்னபோதே, அங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக்குணம்.

அன்று மத்தியானமே வேலையில் இறங்கினேன். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, பனியனின் ஓரத்தில் தையல் இருக்கும் இடத்தில் சட்டைமேல் மெல்லிய மேடு எழும்பும், அதற்கு ஒரு நிழல் விழும். அது கோடு. இன்னொன்று நிறம். பனியன் இருக்கும் இடத்தில் துணி இரண்டாக இருப்பதால் பளிச்சென்று வெள்ளை. பனியன் இல்லாத இடத்தில் சட்டைக்குள் இருந்து உடம்பின் நிறம் லேசாகக் கசியும். கோட்டை மட்டும் அழித்தால் போதாது, அந்த இரண்டு நிறங்களும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்திலிருந்து துணியை எடுத்து ஒட்டினால் சட்டையின் நெசவும் மடிப்பும் கலைந்து, தோளில் மாவு பூசியது போல ஆகிவிடும். அதனால் படத்தை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொள்வேன். மேல் அடுக்கில் நெசவு, மடிப்பு, தையல். கீழ் அடுக்கில் நிறமும் வெளிச்சமும் மட்டும். மேலே கோட்டின் மேட்டை மட்டும் எடுத்துவிட்டு, கீழே நிறத்தைச் சமப்படுத்தினால் சட்டை சட்டையாகவே இருக்கும்.

நிறத்தைச் சமப்படுத்துவது என்றால் எதை எதற்குச் சமமாக்குவது? அங்கேதான் கோட்டைவிட்டேன். பெண்கள் படத்தில் நாடா மெல்லிசு, சுற்றிலும் உடம்பின் நிறம் கசியும் துணிதான் அதிகம். நாடாவின் வெள்ளையைக் குறைத்துச் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. கை அதற்கே பழகிவிட்டது. இங்கேயும் தோள் பட்டையிலிருந்து ஆரம்பித்து அதன் வெள்ளையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பட்டை கீழே வரவர அகலமாகி மார்பு முழுவதும் பரவியது, நானும் அதன் பின்னாலேயே போனேன். பாக்கெட் இருக்கும் இடம் துணி இரண்டாக இருப்பதால் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று அதை மட்டும் கவனமாக விட்டுவைத்தேன். அவ்வளவு யோசித்தவள் மற்றதை யோசிக்கவில்லை. கூடவே அந்த அம்மாளின் ரவிக்கைத் தோளிலும் இருந்ததை எடுத்துவிட்டு, பெருமையோடு படத்தை அனுப்பினேன். ரசீதில் கணவருடைய நம்பர்தான் இருந்தது. அவருக்கே அனுப்பினேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். அவர் சிரித்த முகமாகத்தான் வந்தார். எங்கள் ஊரில் கோபக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள்.

“ஏனுங்க, நேத்து நான் பனியன் போட்டுட்டுத்தானுங்க வந்தேன்?”

போட்டுக்கொண்டுதான் வந்தார். படத்தில் இல்லை. படத்தில் அவர் வெறும் உடம்பின்மேல் மெல்லிசுச் சட்டையை மாட்டிக்கொண்டு, மார்பெல்லாம் மாநிறம் கசிய, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்றார். கோட்டை அழித்த மும்முரத்தில் பனியனையே கழற்றிவிட்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் முழுவதும் அந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருந்த எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

அவர் மேலும் பணிவாகச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறாராம். கிரகப்பிரவேசத்துக்குத் தையல்காரர்கள், கட்டிங் மாஸ்டர், நூல்காரர், சாயப்பட்டறைக்காரர் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். வந்ததும் எதிர்ச்சுவரில் முதலாளி பனியன் போடாமல் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? என் வீட்டுக்காரர் கேமராவைத் துடைக்கிற சாக்கில் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். சொல்லிவிடாதே என்று அர்த்தம். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் வாயை மூடிக்கொண்டு, லைட் கொஞ்சம் படுத்திவிட்டது, சரிசெய்து தருகிறேன் என்று புளுகினேன். பழியைத் தூக்கி லைட்டின்மேல் போட்டதில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

உட்காருங்கள், இப்போதே பண்ணிவிடலாம் என்றேன். டீ வந்தது. இந்த முறை எதிர்த்திசையில் போனேன். பனியனின் வெள்ளையை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே தோளிலும் கையிலும் கசிந்த உடம்பின் நிறத்தை உறிஞ்சிவிட்டு வெளிச்சத்தை ஏற்றினேன். இப்போது சட்டை எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை. கோடு இல்லை, பட்டை இல்லை, கோணல் இல்லை. உள்ளே பனியன் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. இருவரும் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. இதையே பிரிண்ட் போட்டுவிடலாம் என்றார்.

கணவர் மட்டும் கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இது போர்வைத் துணியில தச்ச சட்டையாட்டமிருக்குதுங்க. உள்ள என்ன இருக்குதுன்னே தெரியலீங்களே” என்றார்.

தெரியக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வெள்ளைச் சட்டைக்குள் பனியன் லேசாகத் தெரிந்தால்தான் அது மரியாதையான ஆள் என்றார் அவர். முதல் ஆர்டர் கேட்கப் போன நாளில் அவர் அப்படித்தான் போனாராம். சட்டைமேல் தெரிந்த பனியனைப் பார்த்துத்தான் கடைக்காரர் இது யார் கம்பெனி என்று கேட்டாராம். அந்த அம்மாளோ கோடே வேண்டாம் என்றார். அவர் கோடு வேண்டும் என்றார். அந்த அம்மாள் கணவரை ஏனுங்க என்பார், அவர் மனைவியை அம்மணி என்பார், சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் இருதலைக்கொள்ளி எறும்பாக இருந்தேன். அரை மணி நேரம் பொறுத்தேன். என் பொறுமைக்கு அதுவே அதிகம்.

“கோடு இருந்தா அந்த இடது தோளு கோணலாத் தெரியுதுங்ணா. அதத்தான் இவங்க வேண்டாங்கறாங்க” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தார். சொல்லியிருக்கக்கூடாது என்று அந்தக் கணமே தெரிந்தது. ஒரு மனுஷி நம்பிச் சொன்னதை இப்படிக் காப்பாற்ற முடியாமல் போயிற்றே என்று என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

கணவர் கோபப்படவில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி இடது தோளைக் குனிந்து பார்த்தார். இன்றைக்குப் போட்டிருந்ததும் ஒழுங்கான பனியன் இல்லை. கழுத்துப் பட்டியில் தையல் ஒரு இடத்தில் வழுக்கியிருந்தது. நல்ல பனியன்களை மூட்டை மூட்டையாக அனுப்புகிறவர் தான் மட்டும் டேமேஜ் பீசைப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். கல்யாணமான புதிதில் இரண்டே மெஷின்தானாம். கணவர் தைப்பாராம், அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து குறை இருக்கிறதா என்று ஒவ்வொரு பீசாகச் செக்கிங் பார்ப்பாராம். அக்கா கணவர் அரசாங்க வேலையில் இருந்தார். அக்கா ஒருமுறை வந்தபோது கணவர் கோணல் பனியனோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் பனியன் தைக்கிற வீட்டில் கட்டினவருக்குப் போட ஒரு நல்ல பனியன் இல்லையா என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்துவிட்டாராம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பெனி வளர்ந்து, மகனும் கூட வந்து, வீடும் கட்டியாகிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. எத்தனை நல்ல பீஸ் எடுத்து வைத்தாலும் இவர் இதையேதான் போடுகிறார் என்று சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் உடைந்துவிட்டது.

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “நீ ரிஜெக்ட் பண்ணுன பீசுதான அம்மணி, அந்த மூட்டை இன்னமும் தீரல. கண்ணு வலிக்க வலிக்க உக்காந்து நீ தள்ளுன பீச வேற யாருக்குங்க குடுக்கறது?”

இருபது வருடமாக மற்றவர்கள் தோளை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கோட்டுக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

பிராயச்சித்தமாக நான் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னேன். கோட்டை அழிக்க வேண்டாம், லேசாகத் தெரியட்டும், கோணலை மட்டும் நிமிர்த்திவிடலாம். ஒழுங்காக இருக்கும் வலது பட்டையைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி இடது தோளில் வைத்தேன். திருப்பியதில் நிழல் தப்பான பக்கம் விழுந்தது, அதை மாற்றினேன். சட்டையின் மடிப்பு அதன்மேல் ஓடுவது போலக் கொண்டுவந்தேன். இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பட்டை நேராக வந்து உட்கார்ந்ததும், இப்போது பாருங்கள் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அந்த அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது தோளிலிருந்து தொடங்கி, கழுத்து வளைவு வழியாக, வலது தோள் வரைக்கும் விரல் நுனியைத் திரைமேல் மெதுவாக நகர்த்தினார். வாய்க்குள் ஏதோ எண்ணினார். முகம் மாறிவிட்டது. கிரகப்பிரவேசம், அக்கா எல்லாம் எங்கோ போய்விட்டது. தரையில் உட்கார்ந்து பீஸ் பார்த்த பெண்தான் அந்த நாற்காலியில் இருந்தார்.

“கழுத்து எறங்குதுங்க. தோளு நேரா இருக்குது, கழுத்து ஒரு பக்கம் அரை இஞ்சு எறங்குது. இது பாஸ் ஆகாது” என்றார்.

உண்மைதான். தோளை மாற்றியவள் கழுத்துப் பட்டியை அதற்கேற்ப இழுக்க மறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்து எந்த வாடிக்கையாளரும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். கணவர் கையைத் தட்டிச் சிரித்தார், அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய வேலையைப் பற்றித் தனக்கே மறந்துபோன ஒன்று திரும்பக் கிடைத்தவர் போல முகம் முழுக்கச் சிரித்தார். கழுத்தையும் சரிசெய்கிறேன், ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். முதலில் எடுத்ததைக் காட்டச் சொன்னார். நான் எதுவும் தொடாத படம். முறுக்கிய பட்டை, கோணல் கழுத்து, எல்லாம் அப்படியே இருந்தது. வெகுநேரம் பார்த்தார். இதையே போடுங்கள் என்றார். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காலைப் பலகாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் எதிர்ச்சுவரில் படம் இருந்தது. பின்லைட்டின் புண்ணியத்தில் பனியன் துல்லியமாகத் தெரிந்தது, என் வீட்டுக்காரர் அதைத் தன் சாதனை போலப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இலையில் மனம் போகவில்லை. யார் வந்து படத்தின் முன் நிற்கிறார்கள் என்றே கண் போய்க்கொண்டிருந்தது.

கனமான உடம்பு, கையில் தடி, பச்சைப் புடவையோடு ஒரு அம்மாள் வந்தார். இரண்டு மருமகள்கள் கூட இருந்தார்கள். முகச்சாயல் பார்த்ததுமே அக்கா என்று தெரிந்துவிட்டது. படத்தை அண்ணாந்து பார்த்தார். சுற்றிலும் கம்பெனி ஆட்கள், உறவுக்காரர்கள், பந்திக்குக் காத்திருப்பவர்கள். அக்கா பந்திப் பக்கம் திரும்பினார்.

“ஏங் கண்ணு, இன்னமும் உங்கூட்டுக்காரரு பனியன் கோணலாத்தான் இருக்குதா?”

சாம்பார் வாளியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் நிமிர்ந்தார். வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“ஆமாங்க்கா. அது நாந் தள்ளுன பீசு. நல்லதெல்லாம் வித்துத்தான் இந்த ஊட்டக் கட்டுனோம்” என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார். பந்தியில் உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் எல்லோரும் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். அக்கா தங்கையின் கையிலிருந்த வாளியைப் பார்த்தார், பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இலையில் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் அக்காவின் இலைக்கு முதலில் பரிமாறினார்.